சொட்டா, லேசரா? நுகர்வோர் கேள்வி-பதில்

வயது 54. கண் அழுத்தம் வலது 26, இடது 25. ஆரம்ப நிலை கிளாக்கோமா என்கிறார்கள். தினமும் இரவு சொட்டு மருந்து, இல்லாவிட்டால் எஸ்.எல்.டி. லேசர், நீங்களே சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். சொட்டு மாதம் 450 ரூபாய், லேசர் ஒரு கண்ணுக்கு 9,000. எது லாபம்? லேசர் எத்தனை வருடம் தாங்கும்?
*வாசகி, ஈரோடு*

கணக்கை முதலில் முடித்துவிடலாம். இரண்டு கண்ணுக்கும் லேசர் 18,000. சொட்டு வருடத்துக்கு 5,400. மூன்று வருடம் நாலு மாதத்தில் இரண்டும் சமமாகிவிடும். அழுத்தம் பார்க்கப் போய்வரும் செலவு எப்படியும் உண்டு, அதைச் சேர்க்க வேண்டாம். ஆக, அந்த மூன்று வருடம் நாலு மாதத்தைத் தாண்டி லேசர் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்காரர்கள் முன்னின்று நடத்திய 'லைட்' ஆய்வு. உங்களைப் போலப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 718 பேர். பாதிப் பேருக்கு முதலிலேயே லேசர், மீதிப் பேருக்குச் சொட்டு. 2019-ல் வந்த மூன்று வருட முடிவில், லேசர் செய்தவர்களில் சுமார் 74 சதவீதம் பேர் சொட்டே இல்லாமல், டாக்டர் குறித்த அழுத்தத்துக்குள் இருந்தார்கள். ஆறு வருட முடிவில், லேசர் செய்த கண்களில் சுமார் 70 சதவீதம். அதில் சில கண்களுக்கு நடுவில் இன்னொரு முறை லேசர் நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: ஆறு வருடத்தில் கிளாக்கோமா அறுவை சிகிச்சை வரை போன கண்கள், சொட்டுப் பக்கம் 32, லேசர் பக்கம் 13. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வழிகாட்டுதலையே திருத்தி, இந்த வகை நோயாளிகளுக்கு முதல் சிகிச்சையாக லேசரை முன்வைக்கச் சொல்லிவிட்டது.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், ஏன் நிரந்தரம் இல்லை என்பதும் புரியும். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து வடிகிறது (கண்ணீர் இல்லை, அது வேறு). கருவிழிப் படலமும் அதன் பின்னால் உள்ள ஐரிஸ் திரையும் சந்திக்கும் மூலையில் ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. அதன் வழியாகத்தான் நீர் வெளியேற வேண்டும். அங்கே தடை கூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு நசுங்கும். எஸ்.எல்.டி. 532 நானோமீட்டர் பச்சை லேசர். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் நூறு கோடியில் மூன்று பங்கு நேரம்தான். சல்லடையில் நிறமி உள்ள செல்கள் மட்டும் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன்பே துடிப்பு முடிந்துவிடுகிறது. ஓட்டை போடுவதில்லை, தழும்பும் விழுவதில்லை. பழைய ஆர்கான் லேசர் சுட்டுத் தழும்பாக்கியது, அதனால் அதை மறுபடி செய்வது சிக்கல். இதில் சீண்டப்பட்ட செல்கள் ரசாயனச் செய்தி அனுப்ப, உடம்பின் துப்புரவு செல்கள் வந்து சல்லடையைச் சீர் செய்கின்றன என்பதே விளக்கம். அந்த வேலைக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நோய் உள்ளேயேதான் இருக்கிறது, ஆகவே சில வருடத்தில் தடை மெல்லத் திரும்பும். பொதுவாக இரண்டு முதல் ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கினால் திரும்பச் செய்யலாம்.

செய்யும் விதம் எளிது. அழுத்தம் திடீரென ஏறாமல் இருக்க ஒரு சொட்டு, மரக்க ஒரு சொட்டு. கண் பரிசோதனை மேஜையில் தாடையை வைத்து உட்கார வேண்டும், ஜெல் தடவிய கண்ணாடி லென்ஸ் ஒன்றைக் கண்மேல் வைப்பார்கள். டிக் டிக் என்று பச்சை மின்னல். சுற்று முழுவதும் செய்தால் ஒரு கண்ணுக்குச் சுமார் நூறு துடிப்பு. சல்லடையில் சின்னக் குமிழ் எழும்புகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் சக்தியைக் கூட்டிக் குறைப்பார். சில நிமிட வேலை. ஒரு மணி நேரம் உட்காரவைத்து அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாள் சிவப்பு, லேசான வலி, வெளிச்சம் கூசுதல் இருக்கும்.

உங்கள் 26-க்கு இலக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால், அதாவது 21-ஐ ஒட்டி வந்தால், லேசர் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். 19 வந்தால் சொட்டு வேண்டாம். 24-லேயே நின்றால் உங்கள் கண் பதில் சொல்லவில்லை, சொட்டுக்குப் போங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கருவியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். காற்று ஊதும் மெஷினில் ஒரு தடவையும், கண்ணைத் தொட்டு அளக்கும் கருவியில் ஒரு தடவையும் எடுத்து ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் லேசர்தான் எடுப்பேன். பணத்துக்காக அல்ல, இரவு சொட்டு விட மறக்கிற ஆள் நான்.

எஸ்.எல்.டி. செய்தால் போன பார்வை திரும்புமா?
*தஞ்சாவூர்*

திரும்பாது. சொட்டு விட்டாலும் திரும்பாது.

போன செவ்வாய்க்கிழமை லேசர் செய்தேன். இனி சொட்டு எதற்கு என்று அன்றே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது அழுத்தம் 28. லேசர் தோல்வியா?
*சேலம்*

லேசர் என்ன செய்யும்? அது இன்னும் வேலையையே ஆரம்பிக்கவில்லை. சொட்டின் பலன் போய்விட்டது, லேசரின் பலன் வரவில்லை, இடையில் உங்கள் நரம்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. டாக்டர் நிறுத்தச் சொன்னாரா? கடிதத்தில் இல்லை. இன்றைக்கே போன் செய்து கேளுங்கள், புது பாட்டில் வாங்குங்கள். டி.வி. வாங்கினால் கையேட்டைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுக்கு அப்படி முடியாது.

அப்பாவுக்கு மூன்று வருடம் முன்பு இரண்டு கண்ணிலும் லேசர். "வாழ்நாள் முழுக்கச் சொட்டே வேண்டாம்" என்று பேக்கேஜ் போட்டு வாங்கினார்கள். பில்லில் 'லேசர் பேக்கேஜ்' என்று மட்டும் இருக்கிறது. இப்போது அழுத்தம் பழையபடி. வேறு டாக்டர் பார்த்துவிட்டு, வடிகால் மூலையே குறுகலாக இருக்கிறது, இதற்கு அந்த லேசர் எப்படிச் செய்தார்கள் என்கிறார். ஏமாந்துவிட்டோமா?
*மகள், திருநெல்வேலி*

அம்மா, அழுத்தம் திரும்ப ஏறியதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் மங்குவது இந்தச் சிகிச்சையின் இயல்பு. 'வாழ்நாள்' என்று சொன்னதுதான் ஏமாற்று. விளக்கம் கேட்க வேண்டிய இன்னொரு விஷயம், அந்தக் குறுகிய மூலை.

எனக்கு நெடுநாளாக எரிகிற விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். பில்லில் 'லேசர்' என்று ஒற்றை வார்த்தை போடுவது. கண் ஆஸ்பத்திரியில் லேசர் ஒன்று அல்ல. மூலை அடைபட்டவர்களுக்கு ஐரிஸில் சின்னத் துளை போடும் பி.ஐ. ஒரு லேசர். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு லென்ஸுக்குப் பின்னால் படரும் சவ்வைக் கிழிப்பது ஒரு லேசர். கண்ணாடியைக் கழற்ற லாசிக். சர்க்கரை நோயில் விழித்திரைக்கு வேறு. நாலுக்கும் நாலு நோக்கம். பரோட்டா கடையில்கூட சாதா, கொத்து, வீச்சு என்று பிரித்து பில் போடுகிறார்கள். பல ஆயிரம் வாங்குகிற இடத்தில் எது செய்தோம், எந்தக் கண், சுற்றில் எவ்வளவு என்று எழுத மனம் வருவதில்லை. நானே ஒருமுறை ஒரு கடையில் 'ஸ்பெஷல் கோட்டிங்' என்று எழுதிய பில்லுக்குக் கண்ணாடி வாங்கினேன். என்ன கோட்டிங் என்று பிறகு கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை.

எஸ்.எல்.டி. செய்ய லேசர் அந்தச் சல்லடையைத் தொட வேண்டும். மூலை மூடியிருந்தால் சல்லடை கண்ணுக்கே தெரியாது, பிறகு எதில் சுடுவது? அதனால்தான் முதலில் கோனியோஸ்கோபி என்ற சோதனை. கண்ணாடி பதித்த லென்ஸைக் கண்மேல் வைத்து, மூலை திறந்ததா, மூடியதா என்று பார்ப்பது. நம் ஊர்க் கண்களில் மூடிய மூலை அபூர்வமல்ல, ஆகவே இதைத் தாண்டிக் குதிக்க நியாயமே இல்லை. கண்ணுக்குள் அழற்சி இருப்பவர்களுக்கும், சர்க்கரையால் மூலையில் புது ரத்தக்குழாய் முளைத்தவர்களுக்கும்கூட இது சரிவராது.

ஆனால் ஒன்று: வயது ஏற ஏற லென்ஸ் தடித்து மூலை குறுகுவதும் உண்டு. மூன்று வருடம் முன்பு திறந்தே இருந்திருக்கலாம். அது அன்றைய குறிப்பில்தான் தெரியும். அப்பாவின் மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது டாக்டர்களின் நடத்தை விதி. அதில் கோனியோஸ்கோபி முடிவு, எத்தனை துடிப்பு, எவ்வளவு சக்தி, முன்பின் அழுத்தம் நாலும் இருக்கிறதா பாருங்கள். கோனியோஸ்கோபி வரியே இல்லை என்றால் உங்கள் புகாருக்கு எலும்பு கிடைத்துவிட்டது. பேக்கேஜ் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பணம் வாங்கிச் செய்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. வழிக்கு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அப்புறம் மாவட்ட ஆணையம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே உங்கள் விஷயத்தில் வாதமாகும், தள்ளிப்போடாமல் வக்கீலைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் அப்பாவின் அழுத்தத்தை இறக்குங்கள். வழக்கு காத்திருக்கும்.

மூன்று சொட்டு விடுகிறேன். அழுத்தம் 15. ஒரே லேசரில் மூன்றையும் விட்டுவிடலாமா?
*மதுரை*

ஆசை நியாயம்தான், மூன்று பாட்டில் விடுவது ஒரு வேலை. ஆனால் ஆரம்ப அழுத்தம் உயரமாக இருந்தால்தான் லேசர் அதிகம் இறக்கும். ஏற்கெனவே மருந்தில் 15-க்கு வந்த கண்ணில் இறக்கம் சின்னதாகவே இருக்கும். ஒரு பாட்டிலைக் குறைக்க முடிந்தால் நல்ல வியாபாரம். எதைக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆஸ்துமா இருந்தால் டைமோலால் உள்ள பாட்டிலை முதலில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றும் போகும் என்று யாராவது உறுதி தந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், முகம் மாறும்.

பக்கத்து ஊரில் பாதி விலைக்குச் செய்தார்கள், போய்ச் செய்துகொண்டேன். இப்போது பார்த்தால் 50 துடிப்புதான் கொடுத்திருக்கிறார்கள். மீதியைக் கேட்கலாமா?
*திருப்பூர்*

பாதிச் சுற்றுக்குப் பாதி விலை. முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

திட்டிவிட்டேன், சரி, ஒரு விளக்கமும் சொல்லிவிடுகிறேன். பாதிச் சுற்று எப்போதுமே குறை வேலை அல்ல. சல்லடையில் நிறமி மிக அதிகமாக இருக்கும் கண்களில் முழுச் சுற்றும் ஒரே நாளில் செய்தால் அழுத்தம் எகிறிவிடலாம். அங்கே வேண்டுமென்றே சக்தியைக் குறைத்து, பாதி செய்து பார்ப்பார்கள். உங்களுக்கு அந்தக் காரணமா, விலைக் காரணமா என்று டாக்டரிடமே கேளுங்கள். எட்டு வாரத்தில் அழுத்தம் போதுமான அளவு இறங்கியிருந்தால் மீதியை இப்போது தொடவே வேண்டாம்.