லண்டன் கோர்ட்டில் பத்தூர் கோயில்

கேள்வி: சாமி சிலைக்கு உரிமை உண்டு, ஆற்றுக்கு உரிமை உண்டு என்கிறது கோர்ட். மனுஷனுக்கே நியாயம் கிடைக்காத ஊரில் கல்லுக்கும் தண்ணிக்கும் எதற்கு இதெல்லாம்? அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறதென்றால், சாயத் தண்ணியில் செத்துக் கிடக்கும் எங்கள் நொய்யலையும் ஒரு நபர் என்று அறிவித்துவிட வேண்டியதுதானே? (ஒரு வாசகர், காங்கயம்)

பதில்: முதலில் ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் நொய்யலைப் பற்றிப் பேசுவது எளிது.

1976-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூர் என்ற சிற்றூரில், கூலித் தொழிலாளி ஒருவர் தன் குடிசையருகே மண்ணைத் தோண்டியபோது ஒரு செப்புத் திருமேனி கிடைத்தது. சோழர் காலத்து நடராஜர். அருகில் இடிந்து கிடந்தது விசுவநாத சுவாமி கோயில். பல நூற்றாண்டாக அங்கே பூசை இல்லை. நடராஜர் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-ல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. சிலையின் பூர்வீகம் பற்றி விற்றவர் காட்டிய விவரம் பொய். சுத்தம் செய்வதற்காக பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியிருந்த சமயத்தில் லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு என்று கம்பெனி போலீஸ் மீது வழக்குப் போட்டது.

இனி வாதி, பிரதிவாதி யார் என்று பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனி. அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. பதிவேட்டில் உள்ள ஒரு பெயர், அவ்வளவுதான். மறுபக்கம் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும், அவர்களோடு பத்தூர்க் கோயிலும். கோயிலுக்காக, அதன் ‘தக்கார்’ என்று நியமிக்கப்பட்ட அதிகாரி ஆஜரானார். கோயில் மனையில் கிடைத்த சிவலிங்கமும் தனியாக ஒரு கட்சிக்காரர். கோயில் எப்படி வழக்காட முடியும் என்ற கேள்வி எழுந்தது. கம்பெனி எப்படி வழக்காட முடியும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டும் மனிதர் இல்லை, இரண்டுக்கும் யாரோ ஒருவர்தான் வாயாக இருந்து பேசவேண்டும். ஆனாலும் ஒன்று நமக்குப் பழகிவிட்டது, இன்னொன்று விசித்திரமாகப் படுகிறது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் என் பதில்.

கோயிலை ஒரு நபராக ஏற்க வேண்டிய தேவை என்ன வந்தது? சிலையைச் செய்யக் கொடுத்தவர் இறந்து எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு ஆகியிருக்கும். புதைத்தவர் யாரென்று தெரியாது. அறங்காவலர் என்று சொல்ல ஆள் இல்லை. சொத்துக்கு உரியவர் மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்றால் அந்த வரிசை எப்போதோ அறுந்துபோயிற்று. அப்புறம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பொருள். கோயிலே உரியவர் என்றால் கதை மாறுகிறது. கோயிலுக்குச் சாவு இல்லை, வாரிசுத் தகராறும் இல்லை. பூசை நின்றாலும் கூரை விழுந்தாலும் அதன் உரிமை போகாது. அங்கே கோயில் எழுப்பியவரின் தர்ம எண்ணம் இன்னும் உயிரோடிருக்கிறது, அந்த லிங்கம் அதன் வடிவம் என்று கீழ் நீதிமன்றம் ஏற்றது. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இங்கிலாந்துச் சட்டம் இப்படி ஒரு நபரை அறியாவிட்டாலும் இந்தியச் சட்டம் அறிந்திருக்கிறது, அது போதும் என்று சொல்லி கோயில் பக்கமே தீர்ப்பளித்தது. கோயிலே உரியவர் என்று ஆனபின் லிங்கத்தைப் பற்றித் தனியாக முடிவு செய்யத் தேவையில்லை என்றும் விட்டுவிட்டது.

உரிமையை மட்டும் நிலைநாட்டினால் போதாது, இந்தச் சிலை அந்த ஊருடையதுதானா என்பதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. பத்தூரில் கிடைத்த மற்ற செப்புத் திருமேனிகளோடு வார்ப்பையும் பாணியையும் ஒப்பிட்டார்கள், தொல்லியல் அறிஞர் டாக்டர் நாகசாமி சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும், அதன் மேல் கறையான் ஊர்ந்த தடங்களையும்கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். நபர் என்ற பட்டம் கோர்ட் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே ஜெயிக்க வைப்பது சாட்சியம். நடராஜர் 1991-லேயே தமிழ்நாடு திரும்பினார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கோர்ட் கற்றுக்கொடுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான். ‘சண்டேசுவரப் பெருவிலை’ என்றே ஒரு சொல் கல்வெட்டில் உண்டு. சொத்து சிவனுடையது, கணக்கு சண்டிகேசுவரருடையது. இன்றைக்கும் பிராகாரம் சுற்றி வரும்போது அவர் சன்னதியில் இரண்டு கையையும் லேசாகத் தட்டி விரித்துக் காட்டுகிறோமே, உம் முதலாளி சொத்திலிருந்து ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். உரியவர் ஒருவர், அவருக்காகப் பேசிக் கணக்கு ஒப்பிப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதே அல்ல.

வம்பு வருவதும் அந்த இரண்டாவது ஆளிடம்தான். 1925-ல், அன்றைக்கு நம் வழக்குகளுக்கெல்லாம் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன கல்கத்தா மல்லிக் குடும்பத்து வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. குலதெய்வத்தைக் குடும்பத்தார் முறை வைத்துப் பூசித்து வந்தார்கள். தன் முறை வரும்போது சாமியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவேன் என்றார் ஒருவர், மற்றவர்கள் மறுத்தார்கள். தெய்வம் என்பது மேசை நாற்காலி போலத் தூக்கிப் போகும் சாமான் அல்ல, எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்கவேண்டும் என்றது பிரிவி கவுன்சில். அதோடு நிற்கவில்லை. பூசை உரிமைக்காரர்கள் எல்லோருமே இதில் தங்கள் காரியம் பார்க்கிறவர்கள். ஆகவே இந்தத் தகராறில் எந்த லாபமும் இல்லாத ஒருவரைக் கோர்ட்டே தெய்வத்தின் நண்பராக நியமித்து அவர் மூலம் கேட்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. குடும்பத்துப் பெண்களின் குரலும் கேட்கப்பட வேண்டும் என்றது.

இந்த யோசனை பிறகு இன்னும் உறுதிப்பட்டது. பாதுகாக்க வேண்டியவரே சொத்தை விற்றால் பக்தர் ஒருவர் தெய்வத்தின் சார்பில் வழக்குப் போடலாம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, கமிஷனர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலோ, அடமானம் வைத்தாலோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது. கம்பெனிக்கும் இப்படித்தான். இயக்குநர் தன் சொந்த ஆதாயத்தை மறைக்கக்கூடாது, தணிக்கை உண்டு, பங்குதாரர் கேள்வி கேட்கலாம். காப்பாளர் ஏமாற்றினால் பிடிப்பதற்கு இத்தனை கண்ணிகளை வைத்த பிறகுதான் அந்த நபர் நிஜமாக நடமாடத் தொடங்குகிறார்.

இனி ஆற்றுக்கு வருவோம். 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்கள் என்று அறிவித்தது. காப்பாளர்களாக நியமித்தது கங்கையைச் சுத்தப்படுத்தும் நமாமி கங்கைத் திட்டத்தின் இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், அட்வகேட் ஜெனரல் ஆகியோரை. சற்று யோசித்துப் பாருங்கள். ஆற்றில் சாக்கடையை விடும் நகராட்சி எந்த அரசின் கீழ் இருக்கிறது? ஆறு வழக்குப் போடவேண்டியது யார் மீது? தலைமைச் செயலாளர் காலையில் ஆற்றுக்காக மனுப் போட்டு மாலையில் அரசுக்காகப் பதில் மனுப் போடவேண்டியிருக்கும். மல்லிக் வழக்கு தந்த பாடம் முழுக்க மறந்துபோன தீர்ப்பு அது. மாநில அரசே உச்ச நீதிமன்றம் போயிற்று. ஆறு பல மாநிலம் தாண்டி ஓடுகிறதே, எங்கள் அதிகாரி அங்கே என்ன செய்வார்? வெள்ளம் வந்து ஆள் செத்தால் நஷ்ட ஈடு யார் கொடுப்பது? இரண்டும் நியாயமான கேள்விகள். நபர் என்றால் வழக்குப் போடவும் முடியும், அவர் மீது வழக்குப் போடவும் முடியும் அல்லவா? ஜூலையில் தீர்ப்புக்குத் தடை விழுந்தது.

அதே மார்ச் மாதத்தில் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றுக்கு ஒரு சட்டம் செய்தது. ஆற்றுக்கு இரண்டு காப்பாளர்கள், ஒருவரை அரசும் மற்றவரை அந்த ஆற்றங்கரை மாவோரி மக்களும் நியமிக்கவேண்டும். ஆற்றின் பெயரில் 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பூசலுக்குப் பிறகு பேசிப் பேசி எழுதிய சட்டம் அது.

விலங்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் காளையின் கண்ணியத்தைப் பற்றி உயர்வாகப் பேசியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன் தீர்ப்பு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தை ஏற்றது. அப்படியானால் காளைக்கு மிஞ்சியது மிருகவதைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு.

நொய்யலில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே நிலம் உப்பேறி, ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட் ஏறினார்கள். 28,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிடப்பட்டது. நிலம் கெட்டவருக்குப் பணம் கிடைக்கவேண்டியது நியாயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் கணக்கு விவசாயி இழந்ததற்கான கணக்கு. நாளைக்கே ஆயக்கட்டு நிலமெல்லாம் மனைகளாகிவிட்டால் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கு வர ஆள் இருக்கமாட்டார், ஆறு மட்டும் அப்படியே கறுத்து ஓடும். பத்தூரில் அறங்காவலர் இல்லாமல் போன நிலைமையும் இதுவும் ஒன்றுதான். அதனால்தான் உங்கள் கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன்.

கங்கைக்கு வந்த சிக்கலில் ஒரு பாதி நொய்யலுக்கு இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் வரை அது ஓடுவது தமிழ்நாட்டுக்குள்தான். பக்கத்து மாநிலத்தைக் கேட்கத் தேவையில்லை, நம் சட்டமன்றமே சட்டம் செய்யலாம். கோர்ட்டில் ஓர் அறிவிப்பு வாங்குவதற்காக அலையாதீர்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் சட்டம் கேளுங்கள். சட்ட முன்வடிவு என்று ஏதாவது வந்தால் முன்னுரையில் ஆற்றைத் தாய் என்று எழுதியிருப்பதைத் தாண்டிப் போய், காப்பாளர் யார் என்ற பிரிவைப் படியுங்கள். அங்கே கலெக்டர் பெயரோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரோ மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.