கட்டம் போட்டும் முகம் கோணலாக வருவது ஏன்?

கேள்வி: பாட்டியின் போட்டோவில் கட்டம் போட்டு, அதைப் பார்த்துத்தான் A4 தாளில் வரைகிறேன். அப்படியும் முகம் கோணலாகவே வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

முகத்தை விடுங்கள், முதலில் தாளில் போட்ட கட்டங்களை அளந்து பாருங்கள். ஒரு கட்டம் அளந்து புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் ஸ்கேலை நகர்த்தி அடுத்த கட்டம் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலிலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒன்பதாவது கட்டத்துக்குள் நாலரை மில்லிமீட்டர் ஆகிவிடும். A4 அளவு முகத்தில் ஒரு கண்ணே சுமார் 2 செ.மீ. தான். கால் கண் தள்ளிப்போனால் பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவார்.

உங்களிடம் இருப்பது சாதாரண 4×6 அங்குல பிரிண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் மேலேயே கோடு போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து, அதில் முகம் நடுவில் வரும்படி 9 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரத்துக்கு ஒரு பெட்டி போடுங்கள். உள்ளே 1 செ.மீ. கட்டங்கள். தாளில் 18×26 செ.மீ. பெட்டி, உள்ளே 2 செ.மீ. கட்டங்கள். எல்லாமே சரியாக இரண்டு மடங்கு என்பதால் மனக்கணக்கே போதும், தாளின் நான்கு பக்கமும் ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல் ஓரமும் கிடைக்கும். அகலத்தை எட்டாக, உயரத்தை எட்டாகப் பங்கு போடும் வழக்கம் வேண்டாம். அப்போது கட்டம் சதுரமாக வராது. தாளில் சதுரம் போட்டுவிட்டால் முகம் இழுபடும்.

ஸ்கேலை ஓரத்தில் ஒரே தடவை வைத்து 0, 2, 4, 6 என்று எல்லாப் புள்ளிகளையும் வைத்த பிறகே எடுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் பலவற்றில் பூஜ்ஜியம் விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். அந்தக் கோட்டைத்தான் பொருத்த வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமும் புள்ளி வைத்து முடித்ததும் எதிரெதிர்ப் புள்ளிகளை இணையுங்கள்.

அடுத்து மூலைமட்டம். கொத்தனார் 3, 4, 5 என்று நூல் பிடிப்பாரே, அதே கணக்கு. அகலத்தில் 6 கட்டம், உயரத்தில் 8 கட்டம் எண்ணி, மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் சரியாக 20 செ.மீ. வர வேண்டும். 20.2 வந்தால் மேலிருந்து கீழே வருவதற்குள் கட்டம் ஏறக்குறைய அரை செ.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். போட்டோவில் இதே அளவு 10 செ.மீ.

பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்கேல் பிடிப்பதும் மூலை சேர்ப்பதும் கணக்குதான். அந்த ஒரு பீரியடை விட்டுவைத்திருந்தால் இரண்டையும் பிள்ளைகள் கையாலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள். இந்த ஆற்றாமை எனக்குத் தீரவே இல்லை.

கட்டங்களுக்குப் பெயர் வையுங்கள். மேலே அ முதல் ஐ வரை ஒன்பது எழுத்து சரியாகப் பொருந்தும். பக்கவாட்டில் 1 முதல் 13. போட்டோ, தாள் இரண்டிலும் எழுதுங்கள். ஒரு வரிசை தள்ளி வரைந்துவிடுவது எல்லோருக்கும் நடப்பது, எழுத்து இருந்தால் உடனே கண்டுபிடிக்கலாம்.

இனி முகம். நேராகப் பார்க்கும் முகம் அகலத்தில் சுமார் ஐந்து கண் அளவு. உங்கள் போட்டோவில் முகம் இ முதல் எ வரை ஐந்து கட்டம் நிறைந்தால் கண்கள் ஈ, ஊ வரிசைகளில் விழும், நடுவில் உ வரிசையில் மூக்கு. ஈ5 கட்டத்தில் ஒரு கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் இரண்டாவது தப்பு நடக்கிறது. கண் என்று தெரிந்தவுடன் கை நமக்குப் பழகிய பாதாம் வடிவத்தைப் போட்டுவிடும். அதைத் தடுக்க ஒரு அட்டையில் 1 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி அந்தக் கட்டத்தின் மேல் வையுங்கள், மற்றதெல்லாம் மறைந்துவிடும். இப்போது தெரிவது வெறும் கோடுகள். மேல் இமைக்கோடு இடது ஓரத்தை எங்கே வெட்டுகிறது? பாதிக்குச் சற்றுக் கீழே. எங்கே உச்சிக்குப் போகிறது? அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில், மேலிருந்து கால் பங்கு கீழே. வலது ஓரத்தை எங்கே தாண்டுகிறது? முக்கால் உயரம் கீழே இறங்கி. இந்த மூன்று இடத்திலும் தாளில் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு இணையுங்கள். வலது ஓரத்துப் புள்ளியே உ5 கட்டத்தின் இடது ஓரத்துப் புள்ளியும் ஆகும், அங்கிருந்துதான் அடுத்த கட்டம் தொடங்க வேண்டும்.

கண், மூக்குத்துவாரம், வாய் ஓரம் ஆகியவற்றுக்கு 1 செ.மீ. கட்டம் பெரிது. அந்தக் கட்டங்களை மட்டும் நான்காகப் பிரியுங்கள், போட்டோவில் அரை செ.மீ., தாளில் 1 செ.மீ. புடவைக்கும் பின்னணிக்கும் இது தேவையில்லை. படம் முழுக்க அரை செ.மீ. கட்டம் போட்டால் 468 கட்டம் வரும், கண்ணும் பொறுமையும் போய்விடும்.

பென்சில் விஷயம். தாளில் கட்டத்துக்கு 2H நல்லது என்று சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடினமான முனை தாளைக் கீறிப் பள்ளமாக்கும். அழித்தாலும் பள்ளம் போகாது. பிறகு 4B-யால் நிழல் தேய்க்கும்போது கன்னத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகளாகப் பல்லிளிக்கும். HB-யைப் பின்னால் பிடித்து, கையின் எடை விழாமல் இழுங்கள். வெளிக்கோடு முடிந்ததும், நிழலுக்குப் போகும் முன்னரே கட்டத்தை அழித்துவிடுங்கள். நிழலுக்கு அடியில் மாட்டிய கோட்டை, நிழலை அழிக்காமல் எடுக்க முடியாது.

"இது காப்பியடிப்பது, கலை இல்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். பழைய எகிப்தில் கல்லறைச் சுவரில் சிவப்புக் கோட்டில் கட்டம் போட்டுத்தான் உருவம் வரைந்தார்கள், நிற்கும் ஆளுக்குப் பாதத்திலிருந்து முடிக்கோடு வரை 18 கட்டம் என்ற அளவே இருந்தது. சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்களும் சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் மாடி உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார்கள். அவர்களை யாரும் ஓவியர் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கட்டம் கொடுப்பது கோடு இருக்கும் இடத்தை மட்டும்தான். பாட்டியின் கன்னத்தில் வெளிச்சம் எங்கே மங்குகிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்த்தால் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு கருமையில் நின்று படம் சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும். அதற்கு, கட்டம் போடாத இன்னொரு ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி முழு முகத்தையும் ஒன்றாகப் பாருங்கள்.