கிளைகோசோம் இருக்க, ரத்த வடிவத்துக்குக் கேடிஎன்ஏ எதற்கு?

கேள்வி: டிரிபனோசோமா புரூசி என்ற ஒட்டுண்ணியின் ரத்த வடிவம் தன் ஏடிபியை கிளைகாலிசிஸிலிருந்துதான் எடுக்கிறது, அதன் மைட்டோகாண்ட்ரியா கிட்டத்தட்ட தூங்குகிறது என்று படித்தோம். ஆனால் ஆர்என்ஏ எடிட்டிங்கில் வெட்டை மூடும் லைகேஸை ஆர்என்ஏ குறுக்கீட்டால் குறைத்தால் அந்த வடிவமே செத்துப்போகிறது. இன்னொரு பக்கம் டிரிபனோசோமா எவன்சியில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவான கேடிஎன்ஏ பெரும்பாலும் இல்லை, அது நன்றாகவே வாழ்கிறது. இந்த மூன்றையும் எப்படிப் பொருத்துவது? எங்கள் செல்கள் எடிட்டிங் போனதால்தான் சாகின்றனவா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: மூன்றும் சரிதான். குழப்பம் "தூங்குகிறது" என்ற சொல்லில் இருக்கிறது. ரத்த வடிவத்தின் மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தயாரிப்பதில்லை, ஏடிபியைச் செலவழிக்கிறது. எதற்காகச் செலவழிக்கிறது என்று பார்த்தால் உங்கள் லைகேஸும் எவன்சியும் ஒரே கதைக்குள் வந்துவிடும்.

முதலில் கணக்கு. கிளைகாலிசிஸின் முதல் பகுதி, அதாவது குளுக்கோஸிலிருந்து 3-பாஸ்போகிளிசரேட் வரை, கிளைகோசோம் என்ற சவ்வு சூழ்ந்த உறுப்புக்குள் நடக்கிறது (இதை ஓப்பர்டூஸும் போர்ஸ்ட்டும் 1977-இல் காட்டினார்கள்). ஹெக்சோகைனேஸ் ஒரு ஏடிபி, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் இன்னொன்று, ஆக இரண்டு செலவு. பாஸ்போகிளிசரேட் கைனேஸ் இரண்டையும் திருப்பித் தருகிறது. உறுப்புக்குள் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. செல்லுக்குக் கிடைக்கும் இரண்டு ஏடிபியும் வெளியே சைட்டோசோலில் பைருவேட் கைனேஸ் படியில்தான் வருகின்றன. இப்படிச் சுவர் கட்டி வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு: இந்த ஒட்டுண்ணியின் முதல் கைனேஸ்களுக்கு மற்ற செல்களில் இருப்பதுபோன்ற கடிவாளம் இல்லை. அவை சைட்டோசோலில் இருந்திருந்தால் அங்கே இருக்கும் ஏடிபியையெல்லாம் விழுங்கி, சர்க்கரை பாஸ்பேட்டாகக் குவித்துச் செல்லையே கொன்றுவிடும்.

கிளைகோசோமில் உண்டாகும் என்ஏடிஎச் வெளியே போக முடியாது. அதன் எலக்ட்ரான்கள் கிளிசரால்-3-பாஸ்பேட் வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், மாற்று ஆக்ஸிடேஸ் மூலம் ஆக்ஸிஜனில் சேர்கின்றன. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எலக்ட்ரான் ஓடுகிறது, ஆக்ஸிஜன் செலவாகிறது, ஆனால் மாற்று ஆக்ஸிடேஸ் புரோட்டானைத் தள்ளுவதில்லை. புரோட்டானைத் தள்ளும், சுவாசச் சங்கிலியின் மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகள் ரத்த வடிவத்தில் வேலை செய்வதில்லை. அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது? அது இல்லாமல் உட்கருவில் எழுதப்பட்ட புரதங்கள் உள்ளே நுழைய முடியாதே.

வழி இதுதான்: ஏடிபி சிந்தேஸ் தலைகீழாக ஓடுகிறது. கிளைகாலிசிஸ் சம்பாதித்த ஏடிபியை உடைத்து, புரோட்டானை வெளியே தள்ளி, மின்னழுத்தத்தைக் காக்கிறது. இந்த இயந்திரத்தின் எஃப்1 பகுதி முழுக்க உட்கருவின் மரபணுக்களால் ஆனது. ஆனால் சவ்வுக்குள் பதிந்த எஃப்ஓ பகுதியில் புரோட்டான் கடக்கும் பாதையை அமைக்கும் ஏ6 என்ற துணையலகு கேடிஎன்ஏவின் பெரிய வளையமான மாக்ஸிசர்க்கிளில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான முடிச்சு ஏ6-தான்.

அந்த ஏ6 மரபணு, டிஎன்ஏவில் எழுதியிருக்கும் நிலையில், ஒரு புரதமாகப் படிக்கவே முடியாத எலும்புக்கூடு. அதன் ஆர்என்ஏவில் 447 யூரிடின்கள் செருகப்பட்டு, 28 நீக்கப்பட வேண்டும். முதிர்ந்த செய்தியில் பாதிக்கு மேல் டிஎன்ஏவில் எழுதப்படாதது. எங்கே எத்தனை செருக வேண்டும் என்ற தகவல், சுமார் ஒரு கிலோபேஸ் நீளமுள்ள, ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்துக்கிடக்கும் சிறு வளையங்களான மினிசர்க்கிள்களிலிருந்து வரும் வழிகாட்டி ஆர்என்ஏக்களில் இருக்கிறது. வழிகாட்டியின் 5' முனை செய்தியில் ஒட்டி நங்கூரமிடுகிறது, பொருந்தாத இடத்தில் எண்டோநியூக்ளியேஸ் வெட்டுகிறது, யூரிடின் சேர்க்கப்படுகிறது அல்லது கழிக்கப்படுகிறது, லைகேஸ் மூடுகிறது. வேலை செய்தியின் 3' பக்கத்திலிருந்து 5' நோக்கி நகர்கிறது. ஒரு வழிகாட்டி திருத்தி முடித்த துண்டுதான் அடுத்த வழிகாட்டி ஒட்டும் நங்கூர இடம் என்பதால், நடுவில் ஒரே ஒரு மினிசர்க்கிள் வகை தொலைந்தாலும் அதற்கு 5' பக்கம் உள்ள எல்லாமே நின்றுவிடும்.

அப்புறம் இன்னொரு அடி. ஏ6 செய்தி தயாரானாலும் அதைப் படிக்க மைட்டோகாண்ட்ரிய ரைபோசோம் வேண்டும், அந்த ரைபோசோமின் ஒரு புரதமான ஆர்பிஎஸ்12-இன் செய்தியும் எடிட்டிங் ஆக வேண்டும். ஆக லைகேஸை எடுத்தால் ஏ6 இரண்டு இடத்தில் அடிவாங்குகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: இரண்டு லைகேஸ்களில் ஆர்இஎல்1-ஐக் குறைத்தால்தான் செல் சாகும். ஆர்இஎல்2-ஐக் குறைத்து "வளர்ச்சியில் மாற்றமே இல்லையே" என்று யாராவது குழம்பினால் அது எதிர்பார்த்ததுதான், அதன் வேலையை ஆர்இஎல்1 ஏற்றுக்கொள்ளும்.

இப்போது எவன்சி. அதில் மாக்ஸிசர்க்கிள் இல்லை, மினிசர்க்கிள் இருந்தாலும் பெரும்பாலும் ஒரே வகைதான் மிஞ்சியிருக்கும், சில தனிவகைகளில் அதுவும் இல்லை. ஏ6 இல்லாமல் எப்படி? எஃப்1-இன் நடுவே சுழலும் காமா துணையலகில் மியூட்டேஷன். புரூசியில் 262-ஆம் இடத்து லூசின் புரோலினாக மாறினாலே போதும். பல எவன்சி தனிவகைகளில் 281-ஆம் அலனின் காணாமல் போயிருக்கிறது. ஒரே பிரச்சினைக்கு வெவ்வேறு இடங்களில் தீர்வு கண்டிருக்கிறது ஒட்டுண்ணி. அந்த மியூட்டேஷன் எஃப்1-ஐ எஃப்ஓவின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. புரோட்டானைத் தள்ளாமலே அது உள்ளே ஏடிபியை உடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஏடிபி குறைவாகவும் ஏடிபி உடைந்த மிச்சமான அடினோசின் டைபாஸ்பேட் நிறையவும் இருப்பதால், பரிமாற்றக் கடத்தி ஓயாமல் ஏடிபியை உள்ளே கொண்டுவந்து டைபாஸ்பேட்டை வெளியே விடுகிறது. ஏடிபியில் நான்கு எதிர்மின்சுமை, டைபாஸ்பேட்டில் மூன்று. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஒரு எதிர்மின்சுமை உள்ளே மிஞ்சுகிறது. மின்னழுத்தம் வந்துவிட்டது. புரோட்டானே தேவைப்படவில்லை. எனக்கு இந்த ஒட்டுண்ணியில் மிகவும் பிடித்த தந்திரம் இது.

இதற்கு விலையும் உண்டு. செட்சி ஈயின் குடலில் குளுக்கோஸ் கிடைக்காது, அங்கே வாழும் புரோசைக்ளிக் வடிவம் புரோலினை எரித்து வாழ வேண்டும், அதற்கு மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகள் வேண்டும், அவற்றின் துணையலகுகள் மாக்ஸிசர்க்கிளில். காமா மியூட்டேஷன் அங்கே கைகொடுக்காது. எனவே எவன்சி செட்சியைக் கைவிட்டு, கடிக்கும் ஈக்களின் வாயுறுப்பில் ஒட்டி விலங்கிலிருந்து விலங்குக்குத் தாவும் ஒட்டுண்ணியாகிவிட்டது.

சரி, சோதனைக்கு வருவோம். நான் செய்வது இப்படி. உங்கள் லைகேஸ் குறுக்கீட்டு அமைப்பை இரண்டு ரத்த வடிவ வகைகளில் வையுங்கள்: ஒன்று இயல்பான காமா, மற்றது 262-இல் புரோலின். இயல்பானது செத்து, மியூட்டன்ட் வளர்ந்தால், சாவு ஏ6 வழியாகத்தான். இரண்டும் செத்தால், உங்கள் குறுக்கீடு வேறு எதையோ தொடுகிறது, அல்லது அந்தப் புரதத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவில் எடிட்டிங்குக்கு வெளியே வேலை இருக்கிறது. இந்த ஒற்றை ஒப்பீடு மற்ற எதையும்விட அதிகம் சொல்லும். மியூட்டன்ட்டைத் தனியாகச் சரிபார்க்க ஒலிகோமைசின் போடுங்கள். அது எஃப்ஓவைத் தடுப்பது, ஆகவே இயல்பான செல் அடங்கும், மியூட்டன்ட் பொருட்படுத்தாது. எஃப்1-ஐத் தடுக்கும் அசைடு இரண்டையும் பாதிக்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். ரத்த வடிவம் வளர்ப்பில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிகிறது. லைகேஸ் நின்றவுடன் செல் சாகாது, ஏற்கெனவே இருக்கும் ஏ6 பல பிரிவுகளில் நீர்த்துப்போக வேண்டும். தூண்டிய அரை நாளிலேயே செத்துக்கிடந்தால் அது எடிட்டிங் கதை அல்ல என்று நான் சந்தேகிப்பேன். மாறாக, முதலில் குறைந்து பல நாள் கழித்து மறுபடி வளரத் தொடங்கினால், குறுக்கீட்டை இழந்த செல்கள் மேலே வந்துவிட்டன என்றே பெரும்பாலும் அர்த்தம். லைகேஸ் ஆர்என்ஏ திரும்பிவிட்டதா என்று பாருங்கள்.

எடிட்டிங் நேரடியாக நின்றதா என்பதற்கு ஆர்டி-கியூபிசிஆர். இங்கே என் பழைய தவறைச் சொல்லிவிடுகிறேன்: மாக்ஸிசர்க்கிள் வரிசையைப் பார்த்து ஏ6-க்கு பிரைமர் செய்தேன், சிக்னல் குறையவே இல்லை, இரண்டு வாரம் வீண். எடிட்டிங் ஆகாத செய்தியைத்தானே அது பிடிக்கும், அது லைகேஸ் போனால் குறையாது, கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். ஆகவே மூன்று ஜோடி வேண்டும்: திருத்தப்படாத ஏ6, முழுத் திருத்தம் பெற்ற ஏ6 (அதன் பிரைமர் திருத்திய வரிசையிலிருந்து), அப்புறம் எடிட்டிங்கே தேவைப்படாத சிஓஎக்ஸ்1 அல்லது என்டி4. முதல் ஜோடி நிலையாக, இரண்டாவது விழுந்து, மூன்றாவது அசையாமல் இருந்தால் எடிட்டிங்தான். மூன்றும் சேர்ந்து விழுந்தால் மாக்ஸிசர்க்கிளோ அதன் படியெடுப்போ போகிறது, லைகேஸைக் குற்றம் சொல்ல முடியாது.

அதைப் பிரிக்க டேப்பி சாயம் போட்டு நுண்ணோக்கியில் எண்ணுங்கள். உட்கருவோடு, கசையிழையின் அடித்தளத்தருகே சின்னப் புள்ளியாகக் கேடிஎன்ஏவின் திரளான கைனெட்டோபிளாஸ்ட் தெரிய வேண்டும். பிரிவுக்குமுன் ஒரு புள்ளி ஒரு உட்கரு, அப்புறம் இரண்டு புள்ளி ஒரு உட்கரு, பிறகு இரண்டும் இரண்டு. புள்ளியே இல்லாத செல்கள் கூடினால் கேடிஎன்ஏ தொலைகிறது. லைகேஸ் நேரடியாகக் கேடிஎன்ஏவை அழிப்பதில்லை, எனவே தொடக்கத்திலேயே புள்ளிகள் மறைந்தால் யோசியுங்கள். காமா மியூட்டன்ட்டில் மட்டும் இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் கேடிஎன்ஏ தேவையில்லாததால், நீண்டகாலம் வளர்த்தால் அது தானாகவே தொலைந்துபோகலாம், அப்போது உங்கள் "கட்டுப்பாடு" வேறு ஒரு செல்லாக மாறியிருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் உறைநிலையிலிருந்து புதிதாக எடுங்கள், தொடங்கும் நாளிலேயே புள்ளிகளை எண்ணிக் குறித்துவையுங்கள்.