பழைய வட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தியைத் தேடி எடுப்பது எப்படி?

கேள்வி: 2022 தீபாவளி முற்பணம் கொடுத்த சமயத்தில் பெரியப்பா எங்கள் குடும்பக் குழுவில் அம்மாவின் ஈ.பி.எப். இலக்கத்தைப் போட்டிருந்தார். அம்மா இப்போது தோட்ட வேலையிலிருந்து நிற்கிறார், இலக்கம் அவசரமாகத் தேவை. EPF என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. மேலே தள்ளித் தள்ளிக் கையும் வலித்துவிட்டது. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: வட்ஸ்அப்பின் தேடல் எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டதை மட்டுமே பார்க்கும். ஒரு படத்துக்குள் அச்சாகியிருப்பதையோ குரல் பதிவில் பேசியதையோ அது பார்ப்பதில்லை. EPF என்று தேடி ஒன்றுமே வரவில்லை என்றால், பெரியப்பா அந்தச் சொல்லை வேறு எழுத்தில் எழுதியிருக்க வேண்டும், அல்லது சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அப்படியே போட்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்; நீளமான இலக்கத்தைத் தட்டச்சு செய்வதைவிடப் படம் எடுப்பது நம் பெரியவர்களுக்கு எளிது.

முதலாவதை விரைவாகச் சோதித்துவிடலாம். குழுவைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Search என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் குழுவின் பெயரைத் தொட்டால் Search தெரியும். அங்கே ஈபிஎப், சேமலாப என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தமிழில் தேடும்போது முழுச் சொல்லை இடாமல் மாறாத முன்பகுதியை மட்டும் இடுவது முக்கியம். ‘இலக்கம்’ என்று தேடினால் ‘இலக்கத்தை’ என்று எழுதிய செய்தி தப்பிவிடும், ஆனால் ‘இலக்க’ என்று நிறுத்தினால் இரண்டும் அகப்படும்.

அதிலும் கிடைக்காவிட்டால், அந்தச் செய்தியைத் தேடுவதை விட்டு அதன் திகதியைத் தேடுங்கள். உங்களுக்கு நினைவிருக்கும் முற்பணம் இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் அதைப் பற்றி யாராவது எழுத்தில் பேசியிருப்பார்கள். ‘முற்பண’ என்றும், advance என்றும், அட்வான்ஸ் என்றும் தேடுங்கள். ஒவ்வொரு வருடத் தீபாவளிக்கும் பதில்கள் வரும். அவற்றில் 2022 செப்டெம்பர், ஒக்டோபர் திகதியுள்ளதைத் தொட்டால் அந்த நாளின் உரையாடல் திறக்கும்.

எதுவுமே அகப்படாவிட்டால் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள நாட்காட்டிக் குறியைத் தொடுங்கள். அன்ட்ரொய்டில் இந்த வசதி 2024இல்தான் வந்தது. ஆகவே குறி தெரியாவிட்டால் செயலியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2022இல் தீபாவளி ஒக்டோபர் 24ஆம் திகதி வந்தது. அந்த நாளுக்கே போகாமல் ஒக்டோபர் 1க்குத் தாவி அங்கிருந்து கீழ்நோக்கி வாருங்கள். மேல்நோக்கித் தள்ளும்போது பழைய செய்திகள் ஏறுவதற்காகத் திரை அடிக்கடி நின்று போகும், கீழ்நோக்கி வரும்போது அந்தத் தொல்லை குறைவு.

படம்தான் என்று உறுதியானால் இன்னும் சுருக்கமான வழி உண்டு. குழுவின் பெயரைத் தொட்டு Media, links and docs என்பதற்குள் போனால் செய்திகள் இல்லாமல் படங்கள் மட்டும் மாதவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். 2022 ஒக்டோபர் வரை போய், பூக்களுக்கும் பிள்ளைகளின் படங்களுக்கும் நடுவே வெள்ளைத்தாள் போலத் தெரியும் சிறு கட்டங்களை மட்டும் பாருங்கள். சம்பளச் சீட்டைப் பெரியப்பா பி.டி.எப். ஆக அனுப்பியிருந்தால் அது படங்களோடு வராது. பக்கத்திலுள்ள Docs பகுதியில் இருக்கும். அன்ட்ரொய்ட் போனில் படத்தின் கோப்புப் பெயரிலும் திகதி இருக்கும்: IMG-20221012-WA0004.jpg என்றால் அது 2022 ஒக்டோபர் 12க்கு உரியது.

படம் மங்கலாகத் தெரிந்து, பதிவிறக்கும் அம்புக்குறியைத் தொட்டும் திறக்காவிட்டால், கோப்பு உங்கள் போனில் அழிந்துவிட்டது என்று பொருள். அப்போது பெரியப்பாவையே அவருடைய போனில் அதே நாளுக்குத் தாவி மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒக்டோபர் 2022 செய்திகளே இல்லையென்றால், நீங்கள் குழுவில் பின்னர் சேர்ந்திருக்கலாம், அல்லது போனை மாற்றியபோது பழைய செய்திகளை மீட்டெடுக்காமல் விட்டிருக்கலாம். இரண்டிலும் உங்கள் போனில் தேடிப் பயனில்லை. குழுவில் முதலிலிருந்தே இருக்கும், போன் மாற்றாத ஓர் உறவினரின் போனில் இதே தேடலைச் செய்யுங்கள். கணினியில் இணைத்த வட்ஸ்அப்பில் பழைய செய்திகள் முழுமையாக வருவதில்லை என்பதால் அதில் இல்லையென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கிடைத்ததும் செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறியிடுங்கள், அம்மாவின் போனுக்கும் அனுப்பிவையுங்கள். அதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, அங்கத்தவர் இலக்கத்தோடு தொழில் வழங்குநரின் இலக்கமும் தெரிகிறதா என்று பாருங்கள், ஈ.பி.எப். விண்ணப்பத்துக்கு இரண்டும் வேண்டும். அம்மா முன்பு வேறு நிறுவனத்தின் தோட்டத்தில் வேலை செய்திருந்தால் அங்கே வேறு இலக்கம் இருந்திருக்கும், அதையும் பெரியப்பாவிடம் கேட்டு வையுங்கள்.