ஏழு பேரு, ஏழு வெளிச்சம்: போஸ்டர்ல ஒரே டீமா தெரிய வைக்கிறது எப்படி?

கேள்வி: அண்ணா, நாங்க பெங்களூர் ஹலசூர் கவுதமபுரத்துல ஏழு பேர் ஃபுட்பால் டீம். டோர்னமெண்ட்டுக்கு ஏ3 சைஸ்ல போஸ்டர் பண்ணணும். எல்லாரும் தனித்தனியா போன்ல எடுத்த போட்டோ வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க. நாலு பேரோடது சாயங்காலம் கிரவுண்டுல எடுத்தது, ரெண்டு வீட்ல டியூப்லைட்ல, கோல்கீப்பர் மட்டும் மத்தியான வெயில்ல. போட்டோஷாப்ல கட் பண்ணி ஸ்டேடியம் பேக்ரவுண்ட்ல வச்சா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு. மேல ஒரே ஃபில்டர் போட்டும் பாத்துட்டேன், அப்பவும் அப்படியேதான். ஒண்ணா நின்னு எடுத்த மாதிரி, கொஞ்சம் பவரா வரணும்.

பதில்: அந்த ஃபில்டரை முதல்ல ஆஃப் பண்ணுங்க தம்பி, அது கடைசில வர்ற வேலை. மேல ஒரு ஃபில்டர் போட்டா ஏழு பேரும் ஒரே அளவு மாறுவாங்க, அவங்களுக்குள்ள இருக்கற வித்தியாசம் அப்படியேதான் நிக்கும்.

முதல்ல ஏழு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு மட்டும் பாருங்க. சாயங்கால நாலுலயும் வெளிச்சம் ஒரு பக்கமா வந்திருக்கும், போட்டோவைப் பாக்கற நமக்கு இடதுன்னே வச்சுக்குவோம், அப்போ நிழல் வலது கன்னத்துல இருக்கும். மெஜாரிட்டி அதுதான், அதனால போஸ்டரோட வெளிச்சமும் அதுதான். ஸ்டேடியம் படத்துலயும் பெரிய ஃப்ளட்லைட் இடது பக்கம் வர்ற மாதிரி படத்தைத் திருப்பிக்கோங்க, பேக்ரவுண்டைத் திருப்பினா யாரும் கேக்கப் போறதில்ல. ஆளைத் திருப்பறதுதான் வம்பு, ஜெர்சி நம்பர் கண்ணாடில பாக்கற மாதிரி இடவலமா மாறிடும், நெஞ்சுல இருக்கற லோகோ பக்கம் மாறும், வலது கால் பிளேயர் இடது காலாயிடுவான். வேற வழியே இல்லன்னா திருப்பிட்டு, ஒரிஜினல்ல இருந்து நம்பரையும் லோகோவையும் மட்டும் தனியா வெட்டி மேல வைக்கணும்.

கோல்கீப்பர் போட்டோவை விட்டுடுங்க. உச்சி வெயில்ல கண்ணு குழி ரெண்டும் கருப்பாயிருக்கும், நெத்தியும் மூக்கும் வெள்ளையா வெந்து போயிருக்கும், அங்க டீட்டெயிலே கிடையாது, எந்த ஸ்லைடரை இழுத்தாலும் இல்லாதது வராது. சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல ஒரு பில்டிங் நிழல்ல நிக்க வச்சு, வெட்டவெளி அவருக்கு இடது பக்கமா தெரியற மாதிரி, அதாவது போட்டோவைப் பாக்கற நமக்கு வலதா, இல்ல இல்ல, நமக்கு இடதுல வெளிச்சம் வேணும்னா அவருக்கு வலது பக்கம் வெட்டவெளி இருக்கணும், இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும், அதனால போன் ஸ்கிரீனைப் பாத்து நிக்க வைங்க. போனை நெஞ்சு உயரத்துல புடிச்சு, நாலஞ்சு அடி பின்னாடி போய் 2x-ல எடுங்க, கிட்டப்போய் எடுத்தா மூக்கு பெருசாகி மத்தவங்களோட சேராது. அனுப்பும்போது வாட்ஸப்ல போட்டோவா இல்லாம டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. மத்த ஆறு பேருகிட்டயும் அப்படியே திரும்ப வாங்கிடுங்க, ஏ3-க்கு 300 டிபிஐ-ல 3508 x 4961 பிக்சல் வேணும், வாட்ஸப் சுருக்கின போட்டோ அதுக்குத் தாங்காது.

இப்ப கலர். டியூப்லைட் ரெண்டு பேரும் லேசா பச்சையடிச்சு இருப்பாங்க. முகத்தைப் பாத்து கண்ணளவுல சரிபண்ண ஆரம்பிச்சா விடியற வரைக்கும் முடியாது, ஏன்னா ஒவ்வொருத்தர் தோல் நிறமும் வேற. ஆனா கோல்கீப்பரைத் தவிர எல்லாரும் போட்டிருக்கறது ஒரே ஜெர்சி! அந்த வெள்ளை நம்பர் நிஜத்துல எல்லார் முதுகுலயும் நெஞ்சுலயும் ஒரே வெள்ளைதான், அதைத்தான் அளவுகோலா எடுக்கணும். சாயங்கால போட்டோல நல்லா இருக்கற ஒண்ணை எடுத்து, வெளிச்சம் பட்ட பக்கம் நம்பர் மேல Color Sampler வச்சு Info பேனல்ல பாருங்க. உதாரணத்துக்கு R 232, G 222, B 208-ன்னு வருதுன்னு வைங்க, கொஞ்சம் மஞ்சள் வெயில். டியூப்லைட் பையன் நம்பர்ல R 196, G 210, B 198. அவன் லேயர் மேல Curves போட்டு, Alt புடிச்சு ரெண்டு லேயருக்கும் நடுவுல கிளிக் பண்ணி, அவனுக்கு மட்டும் படற மாதிரி கிளிப் பண்ணிட்டு, Red சேனல்ல ஒரு புள்ளி வச்சு Input 196, Output 232. Green-ல 210-க்கு 222, Blue-ல 198-க்கு 208. அவ்ளோதான், பச்சை போய் பையன் சாயங்கால கிரவுண்டுக்கு வந்துடுவான். நம்பர் 255-ல முட்டி நிக்குதுன்னா அந்த இடம் உதவாது, வேற வெள்ளை தேடுங்க. அதே மாதிரி ஷார்ட்ஸ் மடிப்புல இருக்கற கருப்பையும் சேத்துப் பாருங்க, ஒருத்தருக்கு கருப்பு ஆழமா, இன்னொருத்தருக்கு சாம்பலா இருந்தா அதுவே ஸ்டிக்கர் லுக்கைக் குடுக்கும்.

கலர் சேந்தாலும் டியூப்லைட் ரெண்டு பேரு முகம் தட்டையா இருக்கும், நிழலே இருக்காது. அதை நாமதான் வரையணும். இன்னொரு Curves, நடுவுல கீழ இழுத்து இருட்டாக்கி, மாஸ்க்கை Ctrl+I அடிச்சு கருப்பாக்கிட்டு, சாஃப்ட் பிரஷ், வெள்ளை, ஃப்ளோ 8 பர்சென்ட் மாதிரி வச்சு, வலது கன்னம், மூக்குக்கு வலது பக்கம், தாடைக்குக் கீழ கழுத்து, வலது கை உள்பக்கம்னு மெதுவா ஏத்துங்க. கன்னத்துல ஓரம் கரையணும், தாடைக்குக் கீழ மட்டும் கொஞ்சம் ஷார்ப்பா இருக்கலாம். பக்கத்துலயே நிஜ சாயங்கால போட்டோவைத் தொறந்து வச்சு அதைப் பாத்து வரைங்க, மனசுல இருந்து வரைஞ்சா மீசைக்கு மேல அழுக்கு ஒட்டின மாதிரி வரும்.

பவரா இருக்கணும்னு கேட்டீங்க இல்ல, அது ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, வரிசையா நிக்க வைக்காதீங்க, கேப்டன் முன்னாடி பெருசா, ரெண்டு பக்கமும் மத்தவங்க ஆப்பு மாதிரி பின்னாடி போகப் போக 85, 72 பர்சென்ட்னு சின்னதாகணும், தோள் மேல தோள் ஏறணும். ஏறின இடத்துல பின்னாடி இருக்கறவன் மேல Multiply லேயர்ல முன்னாடி இருக்கறவனோட நிழலை லேசா போடுங்க, நிறைய பேர் விடறது இதைத்தான். ரெண்டாவது, ஃப்ளட்லைட் ஓரம். ஒவ்வொரு பிளேயர் மேலயும் Screen லேயர் கிளிப் பண்ணி, பேக்ரவுண்ட் லைட்ல இருந்தே ஐட்ராப்பர்ல கலர் எடுத்து, தலைமுடி, தோள், கை இதோட இடது ஓரத்துல மட்டும் மெல்லிசா இழுங்க. சுத்திவர போட்டா டியூப் மாட்டின மாதிரி ஆயிடும். கால்களை காட்டாதீங்க, முட்டிக்கு மேலயே டீம் பேரோ தூசி புகையோ வச்சு மறைச்சுடுங்க, பூட்ஸுக்குக் கீழ தரை நிழல் சரியா போடறது தனி வேலை.

செக் பண்றதுக்கு எல்லாத்துக்கும் மேல Black & White லேயர் ஒண்ணு போட்டுப் பாருங்க, கலர் போனதும் எவன் முகம் மட்டும் தனியா துருத்துதோ அவனோட Curves-க்குப் போங்க. அதை அணைச்சுட்டு 50% சாம்பல் லேயரை Luminosity மோடுல வைங்க, இப்ப வெளிச்சம் போய் வெறும் கலர் தெரியும், டியூப்லைட் பச்சை இன்னும் ஒட்டிட்டிருந்தா இங்க மாட்டிக்கும்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் உங்க ஃபில்டரைத் தாராளமா போடுங்க, 20, 30 பர்சென்ட் ஒபாசிட்டிக்கு மேல வேணாம். அதுக்கும் மேல ஒரு 50% சாம்பல் லேயர், Overlay, அதுல Add Noise கொஞ்சம். ஏழு போனோட ஷார்ப்னெஸ்ஸும் வேற வேற இல்லையா, அந்தப் பொடி ஒரே மாதிரி எல்லார் மேலயும், பேக்ரவுண்ட் மேலயும் விழுந்தா அது பெருசா தெரியாது. மங்கலா இருக்கறவனை மட்டும் கேப்டனா இருந்தாலும் முன்னாடி வைக்காதீங்க, இல்லன்னா அவனையும் கோல்கீப்பர் கூட கூட்டிட்டுப் போய் அதே நிழல்ல ஒரு ஷாட் எடுத்துடுங்க.