ஒரு பக்கத் தலைவலி: மைக்ரேனா, டென்ஷன் தலைவலியா? கேள்வி பதில்

நரம்பியல் பிரிவில் 11 வருடமாகத் தலைவலிக்காரர்களைப் பார்த்துவருகிறேன், எனக்கே மைக்ரேன் உண்டு. நேரில் பார்க்காமல் இதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். எதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: வயசு 34. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை வலது பக்கம் மட்டும் விண்விண்ணு தெறிக்கும், குமட்டும், லைட்டைப் பார்க்க முடியாது. மத்த சில நாள் சாயங்காலம் தலை முழுக்க லேசா வலிக்கும். இதுல எது எனக்கு?

இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், நிறையப் பேருக்கு இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள்: வலிக்கும்போது என்ன செய்வீர்கள்? மாடிப்படி ஏறினால், குனிந்து எதையாவது எடுத்தால் வலி கூடுகிறதா? ஒரு மாதம் குறித்துவைத்துவிட்டு வாருங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை, எப்போது விட்டது, அவ்வளவு போதும்.

கேள்வி: இதுக்கு எதுக்குங்க குறிப்பெல்லாம்? ஒரு பக்கம்னா மைக்ரேன், ரெண்டு பக்கம்னா டென்ஷன். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

பாதி சரி. 'ஒற்றைத் தலைவலி' என்ற பெயரே நம்மை அப்படி நினைக்க வைக்கிறது. மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும், பிடரியிலும் வரும், பாதியில் பக்கம் மாறவும் செய்யும். டென்ஷன் தலைவலி பெரும்பாலும் இரண்டு பக்கமும், துணியை இறுக்கிக் கட்டின மாதிரி. பக்கத்தைவிட நான் அதிகம் நம்புவது அந்த ஆள் நடந்துகொள்ளும் விதத்தை. டென்ஷன் தலைவலிக்காரர் முனகிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார், கொஞ்சம் நடந்தால் சிலருக்கு நன்றாகக்கூட இருக்கும். மைக்ரேன்காரர் திரையை இழுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, தலையை அசைக்காமல் படுத்துவிடுவார், ஏனென்றால் இருமினால்கூட வலி தெறிக்கும். கேட்பதற்கு மூன்றே கேள்விகள்தான்: குமட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, அன்றைய வேலை கெடுகிறதா. இதில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மைக்ரேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: முதல்ல கேட்டவதான். ஒரு செவ்வாய்க்கிழமை குறிச்சது: 4 மணிக்கு கொட்டாவி மேல கொட்டாவி, கழுத்து இறுகிடுச்சு. ஆறரைக்கு வலது கண் மேல வலி ஆரம்பம். எட்டுக்குக் குமட்டல், அப்பதான் பாராசிட்டமால் 500 ஒண்ணு போட்டேன், எட்டரைக்கு வாந்தி. இருட்டுல படுத்தேன், மறுநாள் 11 மணிக்கு விட்டது. மாசத்துல இப்படி 3 நாள். லேசான வலி 9 நாள், அது நடந்தா குறையுது. மாத்திரை மொத்தம் 12 நாள். கழுத்துல ஆரம்பிக்குதே, அப்ப டென்ஷன்தானே?

நன்றாகக் குறித்திருக்கிறீர்கள், இதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மைக்ரேன் போலத்தான் தெரிகிறது. ஒரு பக்கம், தெறிப்பு, குமட்டல், கூச்சம், பதினாறரை மணி நேரம். சரியாக மருந்து எடுக்காத மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும். கழுத்து இறுக்கமும் கொட்டாவியும் வலிக்குக் காரணம் அல்ல, தாக்குதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். நானும் பல வருடம் கழுத்தைக் குற்றம் சொல்லித் தலையணையை மாற்றிக்கொண்டே இருந்தேன். மற்ற 9 நாள் டென்ஷன் வகையாக இருக்கலாம், மைக்ரேனே லேசாக வந்துபோவதாகவும் இருக்கலாம். அதை ஒரு மாதக் குறிப்பை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். வலி தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துப் போட்டிருக்கிறீர்கள். மைக்ரேன் வந்தால் வயிறும் சோம்பிவிடும், உள்ளே போன மாத்திரை குடலுக்கு நகராமல் அங்கேயே கிடக்கும், அப்புறம் வாந்தியோடு வெளியே வந்துவிடும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைப்போம், ஆனால் அது போய்ச் சேரவே இல்லை. வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது, வலி லேசாக இருக்கும்போதே பாராசிட்டமால் 1000 மில்லிகிராம் அல்லது இபுப்ரோஃபென் 400. வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் இபுப்ரோஃபென் வேண்டாம், கேட்டுவிட்டுத்தான் எதுவும். குமட்டலுக்கான மாத்திரையைச் சேர்த்துத் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் போதாவிட்டால் மைக்ரேனுக்கென்றே சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தக்காரர்களுக்கும் கொடுப்பதில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த 12 நாள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், டிரிப்டானோ, இரண்டு மூன்று வலி மருந்தை ஒன்றாகச் சேர்த்த கலப்பு மாத்திரையோ 10 நாளும் அதற்கு மேலும், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். லேசான 9 நாளில் நடந்தால் குறைகிறது என்றால் அந்த நாட்களில் மாத்திரையை விடப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வாந்தி எடுத்ததும் தலைவலி விட்டுடும். அப்ப வயித்துல இருந்துதானே வருது? அசிடிட்டி மாத்திரை போட்டுட்டு வர்றேன்.

சிலருக்கு வாந்தியோடு தாக்குதல் முடியும், உண்மைதான். ஆனால் வாந்தி வரவைப்பதே மூளையின் அடிப்பகுதிதான், வயிறு பாவம், உத்தரவை நிறைவேற்றுகிறது. அசிடிட்டி மாத்திரை போட்ட மாதத்திலும் போடாத மாதத்திலும் எத்தனை தாக்குதல் வந்தது என்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. வாழ்க்கைல தலைவலின்னு சொன்னதே இல்லை, ஒரு மாசமா இடது நெற்றிப்பொட்டுல வலி, சாப்பிடும்போது தாடையும் வலிக்குதாம். மைக்ரேனுக்கு எந்த மாத்திரை நல்லது?

மாத்திரையைத் தேடாதீர்கள், இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலியை மைக்ரேன் என்று நினைக்கவே கூடாது. பொட்டில் உள்ள ரத்தக்குழாய் வீங்கினாலும் இப்படித்தான் மெல்லும்போது வலிக்கும், விட்டால் பார்வை போகும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளை ரத்தத்தில் பார்ப்பார்கள், சந்தேகம் பலமாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். கண் மங்கினால் நேராக அவசரப் பிரிவுக்கு. மற்றவர்களும் கவனியுங்கள்: நொடியில் உச்சிக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், அடிபட்ட பிறகு வந்த வலி, இவற்றுக்கும் அவசரப் பிரிவுதான்.

கேள்வி: நீங்க சொன்ன 'அசையாம படுத்துடுவாங்க' எனக்கு ஒத்து வரலையே. எப்பவும் இடது கண்ணைச் சுத்திதான், கண்ணுல தண்ணி, மூக்கடைப்பு. படுக்கவே முடியாது, அறைக்குள்ள நடந்துக்கிட்டே இருப்பேன். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை, மைக்ரேன்னு சொல்லிட்டாங்க.

அந்த நடைதான் என்னையும் நிறுத்துகிறது. கண்ணீரும் மூக்கடைப்பும் மைக்ரேனிலும் வரும், ஆனால் உட்கார முடியாமல் அலைவது கிளஸ்டர் தலைவலியின் குணம். அதற்கு மருந்தும் வேறு, வலி நேரத்தில் ஆக்சிஜன் கொடுத்தே அடக்கலாம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நிற்கிறது? 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறதா, தூக்கத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு எழுப்புகிறதா? ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்தக் குறிப்பையே நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.