கடிதக் கட்டை அனுப்புவதற்கு முன் இன்னொருவர் படிக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் கூட்டுறவு வங்கியில் கடன் பாக்கி வைத்திருக்கும் தமிழ் உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேருக்கு, மலையாளக் கடிதத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினேன். மிகவும் கடுமையாக இருக்கிறது என்று செயலாளர் திருப்பிவிட்டதால் முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறேன். பலமுறை படித்துவிட்டேன். இனியும் வேறொருவரைப் படிக்கச் சொல்ல வேண்டுமா ஐயா? பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிழை பார்த்துத் தருவதாக டிடிபி கடைக்காரர் சொல்கிறார். — ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை அருகே

பதில்: கட்டாயம் வேண்டும் அம்மா. ஆனால் அந்த ஆள் டிடிபி கடைக்காரராக இருக்கக் கூடாது, உங்கள் அலுவலகத்தில் அந்த மலையாளக் கடிதத்தை ஏற்கெனவே படித்தவராகவும் இருக்கக் கூடாது. மூலத்தைப் படித்தவர் தமிழில் குறைவாக எழுதியிருப்பதைத் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டு படிப்பார். நீங்கள் எத்தனை முறை படித்தும் பிழை கண்ணில் படாததற்கும் அதுவே காரணம். "கடன் தவணைக்காலம் முடிந்தும்" என்று எழுத நினைத்து "கடன் அவதி முடிந்தும்" என்று எழுதியிருந்தால், மலையாளத்தில் தவணைக்கு 'அவதி' என்று கேட்டுப் பழகிய உங்கள் சக ஊழியருக்கு அது உறுத்தாது; கடிதத்தைப் பெறும் விவசாயியோ தம் கஷ்டத்தைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது என்று நினைப்பார். தமிழ் மட்டும் சரளமாகப் படிக்கிற, வங்கித் திட்டம் எதுவும் தெரியாத, உங்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவரைப் பிடியுங்கள். கீழே வேலை செய்பவர் "நன்றாக இருக்கிறது மேடம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்.

அவரிடம் "சரியாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள்: நீங்கள் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதை எழுதியவர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தோன்றுகிறது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் கடிதத்தின் தொனி வெளிப்படும்.

இப்படிப்பட்ட கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "மார்ச் 31 வரை அபராத வட்டி தள்ளுபடி செய்யப்படும்." எழுதியவருக்கு இதில் ஐயமே இல்லை, மார்ச் 31-க்குள் பணம் கட்டுபவருக்கே சலுகை. ஆனால் புதிதாகப் படிக்கும் ஒருவர், மார்ச் 31 வரை ஏறிய அபராத வட்டி போய்விட்டது, இனி ஏப்ரலில் நெல் விற்று அசலைக் கட்டினால் போதும் என்று புரிந்துகொள்ள முழு இடம் இருக்கிறது, அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. முதல் கேள்விக்கு "ஏப்ரலில் போய்க் கட்டலாம்" என்ற பதில் வந்தால் உடனே விளக்கம் சொல்லப் போகாதீர்கள். கடிதத்தோடு கூடவே போய் ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வரியை மாற்றுங்கள்: "மார்ச் 31-ஆம் தேதிக்குள் அசலையும் சாதாரண வட்டியையும் கட்டி முடிப்பவர்களுக்கு அபராத வட்டி முழுவதும் தள்ளுபடி செய்யப்படும். ஏப்ரல் 1 முதல் இந்தச் சலுகை கிடையாது."

தொனியில், உங்கள் விஷயத்தில் நான் அதிகம் அஞ்சுவது கடுமையை அல்ல, குழைவை. கடுமை என்று திருப்பி அனுப்பப்பட்ட கடிதத்தை மாற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எதிர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். "தாங்கள் செலுத்தத் தவறிவிட்டீர்கள்" என்ற குற்றச்சாட்டை நீக்கி "தவணை இன்னும் நிலுவையில் உள்ளது" என்று எழுதுவது சரி. அதோடு நிறுத்தாமல் "இயன்றால் விரைவில் செலுத்தி ஒத்துழைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்" என்று முடித்தால், பாக்கியைக் கட்டுவது விருப்பம்போல என்றாகிவிடும். இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் ஆகாது போலிருக்கிறது" என்று பதில் வந்தால் கடிதம் குழைந்துவிட்டது என்று பொருள். படிப்பவர் இடறிய இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, தமக்கு என்ன புரிந்தது என்பதை மட்டும் எழுதட்டும். அவரே வரியைத் திருத்தி எழுத விடாதீர்கள். எழுதினால் அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்ற தடயம் உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இனி அந்தக் கடைக்காரர். பணம் வாங்கிக்கொண்டு இவர்கள் பார்ப்பது ஒற்றும் எழுத்துப் பிழையும் மட்டுமே. மேலே சொன்ன மார்ச் 31 வரியில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, எனவே அது அப்படியே கடந்து போகும். சிலர் "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரையும் குத்தித் தருகிறார்கள். அந்த முத்திரைக்கு எந்த மதிப்பும் இல்லை. பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதைந்த கோப்பைத் திரும்பப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புபவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட மோசமானது, யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற பட்டியல் கடைத்தெருக் கணினியில் தங்கிவிடுவது. வெளியார் எவரிடம் படிக்கக் கொடுத்தாலும் பெயர், கணக்கு எண், தொகை மூன்றையும் மறைத்துக் கொடுங்கள். தொகைகளை மூலப் பேரேட்டோடு ஒப்பிடுவது தனி வேலை. அதை அலுவலகத்துக்குள், ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கும் முறையில், வேறொரு வேளையில் செய்யுங்கள்.

நூறு கடிதங்களையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம். கடன்பட்டவருக்கு, பிணை நின்றவருக்கு, இறந்துபோன உறுப்பினரின் வாரிசுக்கு என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் முதலில் எழுதியதையும் கடைசியில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். களைப்பில் எழுதிய கடைசிக் கடிதத்தில் பழைய கடுமை திரும்ப எட்டிப் பார்க்கும். "தாங்கள்" என்று தொடங்கியது நடுவில் "நீங்கள்" ஆகியிருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை அப்படியே செல்லாது. சட்டப்படி அனுப்பும் நோட்டீஸில் வாசகம் முன்பே வகுக்கப்பட்டிருந்தால், படிப்பவருக்கு அது கடுமையாகப் பட்டாலும் நீங்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. அதை அப்படியே வைத்து, எளிய தமிழில் ஒரு முகப்புக் கடிதம் சேருங்கள். அப்போது இரண்டாமவரின் வேலை மாறுகிறது: இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்து, ஒன்று மற்றதை மறுக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முகப்பில் "கவலைப்பட வேண்டாம், நேரில் வந்து பேசலாம்" என்றும், உள்ளே 15 நாளில் ஜப்தி என்றும் இருந்தால், மனிதர் தமக்குப் பிடித்த தாளைத்தான் நம்புவார். 15 நாளும் கழிந்துவிடும். முகப்பில் தேதியும் விளைவும் நோட்டீஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். கனிவு, யாரை எங்கே வந்து பார்க்கலாம் என்பதில் இருக்கட்டும். முகப்புக் கடிதத்தை வாசகம் தெரிந்த அதிகாரியும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் கோபம் அதில்தான். கேரளத்தில் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் இடம் தந்திருக்கிறது. அப்படியிருந்தும் இந்தச் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்க் கடிதம் என்பது மலையாளக் கடிதம் கையெழுத்தான பிறகு ஓர் இரவில் செய்து முடிக்கும் எடுபிடி வேலையாகவே நடத்தப்படுகிறது. தபால் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக வரைவு கைக்கு வர வேண்டும் என்று செயலாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

திருத்தம் முடிந்ததும், மாற்றிய வரியை அதற்கு முந்தைய வரியோடு சேர்த்து அதே வாசகரிடம் மறுபடி காட்டுங்கள். புதிய பிழை பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் நுழைகிறது. திருத்தத்தைக் கையிலுள்ள ஒரு பிரதியில் மட்டும் செய்துவிட்டு மற்றவை பழைய வரியோடு போய்விடாமல், மூல மாதிரிக் கோப்பில் மாற்றி, அந்த வகைக் கடிதங்கள் அனைத்தையும் புதிதாக அச்செடுங்கள். உறையில் இடுவதற்கு முன் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மாற்றிய வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.